உப்பளத்திலிருந்து ஒரு குறுக்கெழுத்து: அறிவியல் பாடத்தைத் திரும்பப் பார்க்க ஒரு விளையாட்டு

ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம் பக்கம் போனால் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்திருக்கும். அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு உப்பளம் வீட்டுப் பேச்சு. ஆனால் 'பொருள்களைப் பிரித்தெடுக்கும் முறைகள்' என்ற பாடம் முடிந்து, ஆவியாதலுக்கும் படிகமாதலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், அதே பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். பாத்தியில் நடப்பதைத் தெரியும்; பாடப்புத்தகச் சொல்லையும் தெரியும்; இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது.

இந்த இடைவெளியை மூட ஒரு குறுக்கெழுத்துப் புதிரும் ஒரு சொல் தேடல் கட்டமும் நன்றாக உதவும். சொற்களைக் கட்டத்தில் அடைத்தால் மட்டும் போதாது. ஒரு சொல்லும் இன்னொரு சொல்லும் எந்த எழுத்தில் சந்திக்கின்றன, குறிப்பு எந்தத் தவறான விடையைத் தடுக்கிறது என்று யோசித்துச் செய்தால்தான் அது பாடத்தைத் திரும்பப் பார்க்கும் விளையாட்டாகும். பிரித்தெடுத்தல் பாடத்தையே எடுத்துக்கொண்டு ஒன்றைத் தொடக்கத்திலிருந்து செய்து பார்ப்போம்.

கட்டத்துக்கு ஓர் எழுத்து

தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஒன்றாகவே கணக்கு. 'கரைசல்' என்பது க, ரை, ச, ல் என நான்கு கட்டம். 'நீராவி' மூன்று கட்டம். 'படிகமாதல்' ஆறு. தொடக்கத்தில் இதை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பதே நல்லது.

இதில் கணினி ஒரு சிக்கலைக் கொண்டுவரும். கணினி 'ரை' என்பதை 'ர' என்றும் அதன் துணைக்குறி என்றும் இரண்டாகச் சேமிக்கிறது. அதனால் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட புதிர் தயாரிக்கும் மென்பொருளில் 'கரைசல்' என்று கொடுத்தால், அது நான்குக்குப் பதில் ஆறு கட்டம் போட்டுவிடக்கூடும். ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத்தில்லாமல் வெறும் கொம்போ புள்ளியோ, புள்ளிகளால் ஆன சிறு வட்டத்தோடு தனியாக நின்றால் அதுதான் நடந்திருக்கிறது என்று அறியலாம். அதற்குப் பதில் விரிதாளிலோ ஆவணத்திலோ ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு எழுத்தையும் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள். கோடு போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் இருந்தாலும் போதும். முதல் வரைவுக்கு நான் எப்போதும் பென்சிலைத்தான் விரும்புவேன். அழிக்க வேண்டியது நிறைய இருக்கும்.

சொற்களைச் சந்திக்க வைப்பது

தமிழில் குறுக்கெழுத்து அமைப்பது ஆங்கிலத்தில் அமைப்பதைவிடக் கடினம். அங்கே இருபத்தாறு எழுத்துகள். இங்கே 247. அதோடு 'கா' இருக்கும் இடத்தில் 'க' பொருந்தாது. 'உப்பு' என்ற சொல்லையே பாருங்கள். உ, ப், பு. இந்தப் பாடத்தின் உயிர்நாடியான சொல். ஆனால் அதைச் சந்திக்க உகரத்தில் தொடங்கும் சொல்லோ, நடுவில் 'ப்' உள்ள சொல்லோ, 'பு' உள்ள சொல்லோ வேண்டும். கைவசம் உள்ள பட்டியலில் 'கரைப்பான்' ஒன்றில்தான் 'ப்' இருக்கிறது. இப்படிச் சந்திக்க மறுக்கும் சொற்களைக் குறுக்கெழுத்தில் வலுக்கட்டாயமாகத் திணிக்க வேண்டாம். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். சொல் தேடலுக்கு அவை வேண்டும்.

பொருந்தக்கூடிய சொற்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாடச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டு சொற்களில் வரும் எழுத்துகளை வட்டமிடுங்கள். நம் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது 'க'. படிகமாதலின் மூன்றாம் எழுத்து அது. கரைசல், கலவை, கடல்நீர் மூன்றுக்கும் முதலெழுத்தும் அதுவே. அடுத்தது 'ல்'. செயலைக் குறிக்கும் அறிவியல் சொற்கள் பெரும்பாலும் 'தல்' என்று முடிவதால் 'ல்' தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் கிடைக்கிறது. ஆகவே ஒரு குறுக்குச் சொல்லும் ஒரு நெடுக்குச் சொல்லும் ஒரே கட்டத்தில் முடியும்படி வைக்க வேண்டியிருக்கும். இந்த உத்தி தமிழில் அடிக்கடி கைகொடுக்கும்.

மிக நீளமான சொல்லை மேலே வைத்துத் தொடங்கலாம். முதல் வரிசையில் படிகமாதல். அதன் 'க'விலிருந்து கீழே கரைசல். கரைசலின் 'ல்' நான்காம் வரிசைக்கு வருகிறது. கடல்நீரின் மூன்றாம் எழுத்தும் 'ல்' என்பதால் அங்கே கடல்நீர் குறுக்கே பொருந்துகிறது. அதன் முதல் 'க'விலிருந்து கீழே கலவை. 'நீ'யிலிருந்து கீழே நீராவி. நீராவியின் 'வி' ஆறாம் வரிசையில் விழுகிறது. ஆவியாதலின் இரண்டாம் எழுத்தும் 'வி'. ஆவியாதல் முடியும் 'ல்' மேல் வண்டல் வந்து முடிகிறது. ஆறு வரிசை, ஏழு நிரல், ஏழு சொற்கள்:

| | | | | | | |
|---|---|---|---|---|---|---|
| ப | டி | க | மா | த | ல் | ■ |
| ■ | ■ | ரை | ■ | ■ | ■ | ■ |
| ■ | ■ | ச | ■ | ■ | ■ | வ |
| க | ட | ல் | நீ | ர் | ■ | ண் |
| ல | ■ | ■ | ரா | ■ | ■ | ட |
| வை | ■ | ஆ | வி | யா | த | ல் |

இதை முடித்ததும் ஒருமுறை விரலை வைத்து எல்லா வரிசைகளையும் எல்லா நிரல்களையும் படித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் எந்த இரண்டு எழுத்தும் ஏதாவது ஒரு சொல்லின் பகுதியாக இருக்க வேண்டும். தொடர்பில்லாத இரண்டு சொற்கள் ஒட்டி நின்றால் பிள்ளைகள் அதை ஒரே சொல்லாகப் படித்துக் குழம்புவார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை.

எண் போடுவது எளிது. இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக நடந்து, ஒரு சொல் தொடங்கும் கட்டம் வரும்போதெல்லாம் அடுத்த எண்ணைப் போடுங்கள். முதல் வரிசையில் 'ப'வுக்கு 1, 'க'வுக்கு 2. மூன்றாம் வரிசையின் 'வ'வுக்கு 3. நான்காம் வரிசையில் 'க'வுக்கு 4, 'நீ'க்கு 5. கடைசியில் 'ஆ'வுக்கு 6. சொற்கள் ஏழு, எண்கள் ஆறு. கடல்நீரும் கலவையும் ஒரே கட்டத்தில் தொடங்குவதால் நான்காம் எண்ணை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன.

குறிப்பு எழுதுவது

உழைப்பெல்லாம் இங்கேதான். கட்டம் அரை மணி நேரத்தில் அமைந்துவிடும். நல்ல குறிப்பு எழுத அதைவிட அதிக நேரம் செலவிட வேண்டும், செலவிடலாம்.

ஆவியாதலுக்கு ஒரு குறிப்பு எழுதுவோம். சட்டென்று தோன்றுவது 'நீர் ஆவியாக மாறுவது' என்பது. முதலாவதாக, அதில் விடையே ஒளிந்திருக்கிறது. 'நீர் வாயு நிலைக்கு மாறுவது' என்று திருத்தினால் அடுத்த சிக்கல் வருகிறது. கொதித்தல் என்பதும் அதே விடைதான். கொ, தி, த், த, ல். அதுவும் ஐந்தெழுத்து. அதுவும் 'தல்' என்றே முடிகிறது. ஒரு பிள்ளை கொதித்தல் என்று எழுதினால் கட்டம் நிரம்பிவிடும். நாம் தவறு என்று சொல்லவும் முடியாது.

உண்மையில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கொதித்தல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், நீர்மம் முழுவதும் குமிழிகள் எழ நடப்பது. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும், மேற்பரப்பில் மட்டும் நடப்பது. உப்பளத்தில் நீர் ஒருநாளும் கொதிப்பதில்லை. ஆகவே குறிப்பு இப்படி வரலாம்: 'கொதிநிலையை எட்டாமலேயே நீர்மத்தின் மேற்பரப்பிலிருந்து துகள்கள் வெளியேறுவது (5)'. இப்போது குறிப்பே கொதித்தலைத் தடுக்கிறது.

அதோடு சந்திப்பு எழுத்தையும் பாருங்கள். இந்தச் சொல்லுக்கு இரண்டு சந்திப்புகள். கடைசி 'ல்' வண்டலோடு சேருகிறது. கொதித்தல் எழுதினாலும் அந்த 'ல்' பொருந்திவிடும், எனவே அது தவறைக் காட்டிக்கொடுக்காது. இரண்டாம் எழுத்து 'வி' நீராவியோடு சேருகிறது. கொதித்தலின் 'தி' அங்கே மோதும். நீராவியை முன்பே எழுதிய பிள்ளை அந்த இடத்தில் நின்று யோசிப்பாள். குழம்பக்கூடிய இரண்டு சொற்கள் வேறுபடும் எழுத்தில் சந்திப்பு விழுந்தால், கட்டமே அவளைத் திருத்தும். கட்டம் அமைக்கும்போது இரண்டு வாய்ப்புகள் இருந்தால், இதற்கு வழிசெய்யும் வாய்ப்பையே தேர்ந்தெடுங்கள்.

படிகமாதலுக்கும் இதே கவனம் வேண்டும். 'நீர் முழுவதும் வற்றியபின் உப்பு கிடைப்பது' என்று பலரும் எழுதுவார்கள். அது படிகமாதல் ஆகாது. உப்பளத்தில் வேலை செய்யும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். பாத்தியை முழுவதும் வற்ற விடமாட்டார்கள். நீரின் அடர்த்தியை அளக்கும் மானியில் கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். வெயிலிலும் காற்றிலும் நீர் குறையக் குறைய அது ஏறும். 25 டிகிரி அளவில் உப்பு படிகமாகத் தொடங்கும், அப்போதும் பாத்தியில் நீர் நின்றுகொண்டுதான் இருக்கும். 29, 30 டிகிரிக்குப் போனால் மக்னீசிய உப்புகள் மிகுந்து நீர் கசக்கும், அதை வடியவிட்டுவிடுவார்கள். முழுவதும் வற்றவிட்டால் அந்தக் கசப்பும் உப்போடு கலந்துவிடும். படிகமாதல் ஒரு பிரித்தெடுக்கும் முறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. நீர் இன்னும் இருக்கும்போதே ஒரு பொருள் மட்டும் திடமாகி வெளியே வருகிறது. மற்றவை கரைசலிலேயே நின்றுவிடுகின்றன. குறிப்பில் இந்த உண்மை வர வேண்டும்.

நீராவியிலும் ஒரு தவறு எளிதாக நுழையும். 'கொதிக்கும் பானைமேல் தெரியும் வெண்புகை' என்று எழுதிவிடாதீர்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது அது குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகளை. கலவைக்குக் கடல்நீரை எடுத்துக்காட்டாகச் சொல்வதையும் தவிர்க்கலாம். கடல்நீர் ஒரு கலவை, அதே சமயம் ஒரு கரைசல், ஆகவே பிள்ளை எதை எழுதுவது என்று தடுமாறும்.

இவற்றையெல்லாம் பார்த்து எழுதிய குறிப்புகள் இவை. அடைப்பில் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

இடமிருந்து வலம்:
1. செறிந்த கரைசலில் நீர் இன்னும் இருக்கும்போதே திடப்பொருள் ஒழுங்கான வடிவத்துடன் பிரிந்து வருவது (6)
4. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். உப்பளத்தின் மூலப்பொருள் (5)
6. கொதிநிலையை எட்டாமலேயே நீர்மத்தின் மேற்பரப்பிலிருந்து துகள்கள் வெளியேறுவது (5)

மேலிருந்து கீழ்:
2. ஒரு பொருள் இன்னொன்றில் எங்கும் சீராகப் பரவியிருப்பது. வடிதாளில் ஊற்றினாலும் பிரியாது (4)
3. கலங்கிய நீரை அசையாமல் வைத்தால் அடியில் தங்கும் நுண்ணிய மண் (4)
4. வேதிவினை இல்லாமல் சேர்ந்திருக்கும் பொருள்கள். விகிதம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் (3)
5. பாத்தியிலிருந்து மேலே போகும், உப்பை உடன் கொண்டுபோகாது, கண்ணுக்கும் தெரியாது (3)

மூன்றாம் குறிப்பில் 'மண்' என்ற சொல்லைச் சேர்த்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வடிநீர் என்பதும் நான்கெழுத்து, அதுவும் 'வ'வில் தொடங்குகிறது. அடியில் தங்குவதா, வடிந்து இறங்குவதா என்பதில் பிள்ளைக்கு ஐயம் இருக்கக்கூடாது.

மிஞ்சிய சொற்களுக்குச் சொல் தேடல்

சந்திக்க மறுத்த சொற்கள் இப்போது வேலைக்கு வருகின்றன. உப்பு, கரைப்பான், கரைபொருள், வடிநீர், கசடு, செறிவு. ஆறுக்கு ஆறு கட்டத்தில் இவற்றை வலப்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் மட்டும் ஒளித்திருக்கிறேன்:

| | | | | | |
|---|---|---|---|---|---|
| ரை | ச | உ | டி | நீ | செ |
| க | ரை | ப் | பா | ன் | றி |
| ச | பா | பு | நீ | ச | வு |
| டு | க | ரை | பொ | ரு | ள் |
| பொ | பு | ச | க | ரை | ப் |
| வ | டி | நீ | ர் | பா | க |

தலைகீழாகவும் பின்னோக்கியும் சொற்களை ஒளிப்பது ஆங்கிலப் புதிர்களில் வழக்கம். தமிழில் அது பலிக்காது. நம் சொற்கள் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. 'ன்' என்று தொடங்கும் ஒரு வரிசையைப் பார்த்ததும் அது பின்னோக்கி எழுதிய சொல் என்று பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். அறிவியலை யோசிக்கும் தேவையே இராது.

மிச்சக் கட்டங்களை எதைக் கொண்டு நிரப்புவது என்பதும் முக்கியம். 'ஞூ', 'ஙௌ' போன்ற எழுத்துகளைப் போட்டால் நிரப்பு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்து, உண்மையான சொற்கள் தானாக வெளியே வந்துவிடும். அந்த ஆறு சொற்களில் உள்ள எழுத்துகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். ஐந்தாம் வரிசையில் க, ரை, ப் என்று வைத்திருப்பது வேண்டுமென்றேதான்; கரைப்பான் போலத் தொடங்கி ஏமாற்றும்.

ஆனால் நிரப்பும்போது நாம் நினைக்காத சொற்களும் பிறந்துவிடும். 'க'வுக்குப் பக்கத்தில் 'ரு' விழுந்தால் கரு, 'றி' விழுந்தால் கறி. வைக்கும் திசைகளில் இவை வராதபடி ஒவ்வொரு வரிசையையும் நிரலையும் படித்துத் திருத்த வேண்டும். கரைபொருளுக்குள் இருக்கும் 'பொருள்', வடிநீருக்குள் இருக்கும் 'நீர்' போன்றவற்றைத் தவிர்க்க முடியாது. எத்தனை எழுத்துச் சொல் என்று முன்பே சொல்லிவிட்டால் தகராறு வராது.

சொற்பட்டியலைக் கொடுத்துத் தேடச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அது வெறும் கண்வேலை. 'செறிவு' என்றால் என்னவென்று தெரியாமலே வட்டமிட்டுவிடலாம். குறிப்பை மட்டும் கொடுங்கள். 'உப்பைத் தன்னுள் கரைத்துக்கொள்வது (5)', 'அதில் கரைந்துபோவது (5)', 'வடிதாளின்மேல் நின்றுவிடுவது (3)', 'வடிதாளைத் தாண்டிக் கீழே வருவது (4)', 'குறிப்பிட்ட அளவு கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது (3)', 'கடல்நீரில் மிகுதியாகக் கரைந்திருப்பது (3)'. முதல் இரண்டு விடைகளும் க, ரை என்றே தொடங்குவதால் எது எதைக் குறிக்கிறது என்று யோசித்தே ஆக வேண்டும்.

வகுப்பில்

இருவர் இருவராக உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்தால் போதும். முதலில் சொல் தேடல், பத்து நிமிடம். அதன்பிறகு குறுக்கெழுத்து, இருபது நிமிடம். அச்சிட வசதி இல்லையென்றால் கரும்பலகையில் வரைந்து, பிள்ளைகள் நோட்டில் படியெடுத்துக்கொள்ளலாம். சொல்லை எழுதினால் ஒரு மதிப்பெண், அந்தச் சொல்லை உப்பளத்தில் எங்கே காணலாம் என்று சொன்னால் இன்னொன்று. 'வண்டல் எங்கே?' என்று கேட்டால், கடல்நீரை முதலில் தேக்கும் இடத்தின் அடியில் என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். உப்பளத்துக்கே போகாத பிள்ளை என்றால், வீட்டில் கிணற்றுநீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் என்ன தங்குகிறது என்று கேட்கலாம்.

தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தவறுகளைப் பார்த்தாலே எங்கே மறுபடி பாடம் நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆறாம் குறிப்புக்குக் கொதித்தல் என்று எழுதியிருந்தால் கருத்தில் குழப்பம். அதைத் திரும்ப நடத்த வேண்டும். கரைபொருளைத் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று விட்டிருந்தால், 'கரைப்பொருள்' என்று இடையில் ஒரு 'ப்' போட்டு ஆறு எழுத்தாகத் தேடியிருக்கலாம்; அது எழுத்துப்பிழை. கட்டம் வெறுமையாக இருந்து, வாயால் கேட்டதும் அந்தப் பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டால் பிழை நம் குறிப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பை அடுத்த வகுப்புக்குள் மாற்றி எழுதிவிட வேண்டும்.